கோபமான வாடிக்கையாளருக்கு முதல் பதில்: மரியாதையாக எழுதியும் ஏன் எடுபடவில்லை?

கேள்வி: இளம்பிள்ளையில் இருந்து வெப்சைட்டிலும் வாட்ஸ்அப்பிலும் சேலை விற்கிறோம். நானும் தம்பியும், பேக்கிங்குக்கு இரண்டு பெண்களும்தான். கோவையில் ஒரு அக்கா, வெள்ளிக்கிழமை மகளின் நிச்சயதார்த்தத்துக்கு மயில் கழுத்து நிறத்தில் சாஃப்ட் சில்க் சேலை ரூ.6,450க்கு எடுத்தார். செவ்வாய் மதியம் அவர் கைக்குப் போனது மெரூன். "பொண்ணு நிச்சயத்துக்கு எடுத்த சேலைங்க. கலரையே மாத்தி அனுப்பியிருக்கீங்க. இனிமே நான் எப்ப பிளவுஸ் தைக்கிறது? ஃப்ராடு பண்றீங்களா?" என்று போட்டோவோடு மெசேஜ் போட்டார். மாலை 6 மணிக்கு நான் அனுப்பிய பதில்: "அன்புள்ள வாடிக்கையாளரே, தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம். பார்சல் பிரிக்கும் வீடியோவை அனுப்பவும். சரிபார்த்து விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும்." அதற்குப் பிறகுதான் கோபம் இன்னும் கூடியது. கூகுளில் ஒரு ஸ்டார் போட்டு எழுதிவிட்டார். விழா முடிந்துவிட்டது, மெரூன் சேலை இன்னும் அவரிடமே இருக்கிறது, பணம் கேட்கிறார். மரியாதையாகத்தானே எழுதினேன், எங்கே தப்பு? இப்போது என்ன எழுதுவது?

பதில்: அவருடைய மெசேஜில் ஒரே ஒரு நிஜமான கேள்விதான் இருக்கிறது: பிளவுஸ் எப்போது தைப்பது? 'ஃப்ராடு' என்பது கோபத்தில் வந்த சொல், அதற்குப் பதில் தேவையில்லை. பிளவுஸ் கேள்விக்குத்தான் தேவை. உங்கள் பதிலில் பிளவுஸ் இல்லை, நிச்சயதார்த்தம் இல்லை, மெரூன் கூட இல்லை. அந்தப் பதிலைச் செருப்பு வாங்கியவருக்கும் அனுப்பலாம், மிக்ஸி வாங்கியவருக்கும் அனுப்பலாம். அவர் எழுதியதை நீங்கள் படித்தீர்களா என்பதே அவருக்குத் தெரியவில்லை. அதனால்தான் இரண்டாவது முறை இன்னும் சத்தமாகச் சொன்னார்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. விற்கும்போது அவர் உங்களுக்கு 'அக்கா'. தப்பு நடந்ததும் 'அன்புள்ள வாடிக்கையாளர்' ஆகிவிட்டார். நீங்கள் மரியாதை என்று நினைத்து எழுதியதை, கழன்றுகொள்கிறார்கள் என்றுதான் அவர் படித்திருப்பார். எப்படிக் கூப்பிட்டு விற்றீர்களோ, பிரச்சினையின்போதும் அப்படியே கூப்பிடுங்கள்.

வீடியோ விஷயம் அதைவிடப் பெரியது. 'பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லாமல் புகார் ஏற்கப்படாது' என்று இன்று எல்லாக் கடையும் போடுகிறது. உடைந்துபோகும் பொருளுக்கும், உள்ளே எண்ணிக்கை குறைகிறது என்ற புகாருக்கும் அது ஓரளவு உதவும். கலர் மாறியதற்கு எதற்கு வீடியோ? போட்டோவில் மெரூன் தெரிகிறது, உங்கள் பில்லில் மயில் கழுத்து என்று இருக்கிறது. அந்த நேரத்தில் வீடியோ கேட்பது "நீங்கள் பொய் சொல்கிறீர்களோ" என்று கேட்பதுதான். வீடியோ எடுக்காதவருக்கு அங்கேயே கதவு மூடிவிடுகிறது.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, சொன்னதற்கு மாறான பொருள் போனால் திரும்ப எடுக்கவோ பணம் கொடுக்கவோ வெப்சைட் வைத்து விற்பவர் மறுக்கக் கூடாது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தால் நீங்கள் காட்டுவதற்கு இருப்பது அந்த மாலை 6 மணி மெசேஜ் மட்டும்தான்.

அன்று மதியம் என்ன எழுதியிருக்கலாம்

இந்த வேலை இரண்டு மெசேஜாகத்தான் நடக்கும். முதலாவது அரை மணி நேரத்துக்குள் போக வேண்டும், அதில் தீர்வு இருக்க வேண்டியதில்லை. இரண்டாவதில் தீர்வைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். இரண்டையும் ஒரே மெசேஜில் அனுப்பலாம் என்று காத்திருப்பதால்தான் மதியம் வந்த புகாருக்கு மாலை பதில் போகிறது. அதற்குள் அவர் வீட்டில் நாலு பேரிடம் சொல்லி, நாலு பேரும் "ஆன்லைனில் எடுத்தா இப்படித்தான்" என்று சொல்லியிருப்பார்கள்.

முதல் மெசேஜ் இப்படி இருந்திருக்கலாம்:

"அக்கா, போட்டோ பார்த்தேன். நீங்கள் எடுத்தது மயில் கழுத்து, வந்திருப்பது மெரூன். எங்கள் பேக்கிங்கில் நடந்த தப்பு, மன்னிச்சிருங்க. வெள்ளிக்கிழமை நிச்சயம், அதுக்கு முன்னாடி பிளவுஸ் தைக்கணும், புரியுது. உங்கள் சேலையை இன்னைக்கே எப்படி அனுப்ப முடியும்னு பார்த்துட்டு 2.30க்குள் நானே கூப்பிடறேன். மெரூனைத் திருப்பி அனுப்ப நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம்."

இதில் மன்னிப்பு ஒரே இடத்தில், ஒரே சொல்லில் வருகிறது. மீதியெல்லாம் அவர் சொன்னதையே திருப்பிச் சொல்வது: எந்தச் சேலை, என்ன வந்தது, என்ன விழா, எது தட்டிப்போகிறது. படிக்கிறவருக்குக் கோபம் இறங்குவது மன்னிப்புக் கேட்டதால் அல்ல, தன் பிரச்சினை சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிவதால்தான். 'உங்களுக்குச் சிரமம் ஏற்பட்டிருந்தால்' என்று எழுதிவிடாதீர்கள். ஏற்பட்டதைப் போட்டோ எடுத்தே அனுப்பியிருக்கிறார். மன்னிப்புக்குப் பிறகு 'ஆனால்' போட்டு சீசன் கூட்டம், புதிதாக வந்த பேக்கிங் பெண், கூரியர்காரர் என்று எதையும் சேர்க்க வேண்டாம். அவை உங்கள் வீட்டுக் கணக்கு.

இப்படித் திருப்பி எழுதும்போது உங்களுக்கே ஒன்று புரியும். வெள்ளிக்கிழமை என்பது விழா நாள்தான், கெடு நாள் அல்ல. பிளவுஸ் துணி சேலையோடு சேர்ந்தே வருகிறது. அதை வெட்டி டெய்லரிடம் கொடுத்து, ஃபால்ஸ் அடித்து, முந்தானையில் குஞ்சம் கட்ட குறைந்தது ஒன்றரை நாள் வேண்டும். ஆக, புதன் காலைக்குள் அவர் கையில் சேலை இருந்தால்தான் பயன். வழக்கமான கூரியரில் போட்டு வியாழன் மாலை போய்ச் சேர்ந்தால், நீங்கள் கலரைச் சரிசெய்துவிட்டீர்கள், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வாடிக்கையாளரின் நிஜமான கெடு எது என்று தெரியாமல் எழுதும் எந்தத் தீர்வும் இப்படித்தான் ஒரு நாள் தள்ளிப் போய் விழும்.

2.30 வரை உள்ள நேரத்தில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். ராக்கில் அதே டிசைனில் மயில் கழுத்து இருக்கிறதா? இருந்தால் கவரைப் பார்த்து நம்பாமல், பிரித்து, பார்டரும் முந்தானையும் தெரியும்படி ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். அடுத்தது, அன்றைக்கு மெரூன் யாருக்குப் போக வேண்டியது என்று பாருங்கள். மூன்றாவது, சேலத்திலிருந்து கோவைக்குப் பார்சல் ஏற்றும் பஸ் மாலையில் எது, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். இவை தெரிந்த பிறகு போன் செய்து பேசுங்கள். பேசி முடித்ததும் பேசியதை எழுத்தில் அனுப்புங்கள்:

"அக்கா, மயில் கழுத்து கையில் இருக்கு, பிரிச்சுப் பார்த்து போட்டோ அனுப்பியிருக்கேன். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, சாயங்காலம் 5.30 பஸ்ஸில் பார்சல் போட்டுடறோம். ராத்திரி 10 மணிக்குள் காந்திபுரம் வந்துடும். அங்கிருந்து டெலிவரி ஆள் வெச்சு உங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தர்றது எங்கள் பொறுப்பு, எங்கள் செலவு. பஸ் கிளம்பினதும் பஸ் நம்பரும் பார்சல் ரசீதும் அனுப்பறேன். காலையில் டெய்லர்கிட்ட கொடுத்துடலாம். இன்னொண்ணு, இது வேண்டாம், கோவையிலேயே எடுத்துக்கறேன்னு நினைச்சீங்கன்னா ரூ.6,450 முழுசா இன்னைக்கே அனுப்பிடறேன். நாங்கள் 4 மணிக்கு இங்கே கிளம்பினால்தான் அந்த பஸ்ஸைப் பிடிக்க முடியும். அதனால் 3.30க்குள் எதுன்னு சொல்லுங்கக்கா. பஸ் தப்பிட்டா உடனே சொல்லிட்டு பணத்தை அனுப்பிடுவேன்."

இதை ஒரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள் இருக்கிறார், ஒரு மணி இருக்கிறது. அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, 3.30க்குள் எது என்று சொல்வது. அந்த நேரம் ஏன் என்ற காரணமும் கூடவே இருக்கிறது. காரணம் இல்லாமல் கெடு வைத்தால் அது மிரட்டல் மாதிரிப் படும். கடைசியில், திட்டம் சொதப்பினால் என்ன என்பதும் இருக்கிறது. இந்தக் கடைசி வரியைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தவர் மனதில் "இதுவும் வராமல் போனால்?" என்ற கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கும்.

ராக்கில் சேலை இல்லை, தறியில்தான் இருக்கிறது என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்: "அந்தக் கலர் வெள்ளிக்கிழமைக்குள் தர முடியாதுக்கா, பணத்தை இப்பவே அனுப்பறேன்." இல்லை என்பதை மூன்று மணிக்குச் சொன்னால் அவருக்குக் கடைக்குப் போக ஒரு மாலை முழுதாகக் கிடைக்கும். அதை 'ட்ரை பண்றோம்' என்று மறுநாள் வரை இழுப்பதுதான் மன்னிக்க முடியாதது. அதற்குப் பதிலாக வேறு கலர் போட்டோக்கள் பத்து அனுப்புவதும் வேண்டாம். அவர் கேட்டால் காட்டுங்கள்.

இப்போது என்ன எழுதுவது

முதலில் பணத்தை அனுப்புங்கள், பிறகு எழுதுங்கள். 'சேலை வந்து சேர்ந்ததும் பணம்' என்பது சாதாரண ரிட்டர்னுக்குச் சரி. இங்கே தப்பு உங்களுடையது, ஒரு வாரமாக அவர் பணமும் உங்களிடம் இருக்கிறது. 6,450 ரூபாய் சேலை திரும்பி வராமல் போகும் அபாயம் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. அதைவிட, செய்யப்போவதைச் சொல்லும் மெசேஜுக்கும் செய்து முடித்ததைச் சொல்லும் மெசேஜுக்கும் இப்போது இருக்கும் வித்தியாசம் பெரியது. உங்கள் 'விரைவில்' செல்லாக்காசு ஆகிவிட்டதால், இனி உங்கள் வாக்குறுதி எதையும் அவர் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

அவர் வெப்சைட்டில் பணம் கட்டியிருந்தால், பேமெண்ட் கேட்வே வழியாகத் திருப்பும்போது பொதுவாக 5 முதல் 7 வேலை நாள் ஆகும். அதைச் சொல்லாமல் 'பணம் அனுப்பியாச்சு' என்று மட்டும் எழுதினால் அன்று மாலையே அடுத்த சண்டை வரும். நேராக யுபிஐயில் கட்டியிருந்தால், அதே யுபிஐ ஐடிக்கு நீங்களே அனுப்பிவிடலாம், உடனே போய்விடும். ரசீதில் இருக்கும் 12 இலக்க யுடிஆர் எண்ணை மெசேஜில் சேருங்கள். தன் பேங்கில் அந்த எண்ணை வைத்து அவரே தேடிக்கொள்ளலாம். "பணம் வர நீங்கள் எதையும் ஸ்கேன் பண்ண வேண்டாம், பின் நம்பர் போட வேண்டாம்" என்றும் ஒரு வரி எழுதுங்கள். ரீஃபண்ட் என்று சொல்லி க்யூஆர் கோடு அனுப்பி ஏமாற்றுவது பரவலாக நடக்கிறது. ஏற்கெனவே உங்களை ஃப்ராடு என்று நினைப்பவருக்கு இந்த வரி ரொம்ப முக்கியம்.

மெசேஜ்:

"அக்கா, நிச்சயத்துக்கு மயில் கழுத்து எடுத்தீங்க, மெரூன் அனுப்பிட்டோம். நீங்கள் செவ்வாய் மதியமே சொல்லியும் சாயங்காலம் வரை பதில் தரலை. தந்த பதிலிலும் வீடியோ கேட்டோமே தவிர, சேலைக்கு ஒரு வழி சொல்லலை. கடைசி நேரத்தில் உங்களை அலைய வெச்சுட்டோம். முழுக்க எங்கள் தப்புதான், மன்னிச்சிருங்க.

ரூ.6,450 இன்னைக்குக் காலை 11.20க்கு உங்கள் யுபிஐக்கு அனுப்பிட்டேன், யுடிஆர் எண்ணும் ரசீதும் கீழே இருக்கு. பணம் வர நீங்கள் எதையும் ஸ்கேன் பண்ண வேண்டாம், பின் நம்பர் போட வேண்டாம்.

மெரூனை எடுக்க வியாழக்கிழமை 10 மணியிலிருந்து 5 மணிக்குள் கூரியர் ஆள் வருவார். எந்தக் கவரில் போட்டுக் கொடுத்தாலும் போதும், நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. அன்னைக்கு வசதிப்படாதுன்னா வேற நாள் சொல்லுங்க, மாத்திடறேன்.

அவசரமா பிளவுஸ் தைச்சதில் கூடுதல் கூலி கொடுத்திருந்தால் எவ்வளவுன்னு சொல்லுங்க, அதையும் தர்றோம்."

கடைசி வரியைப் பற்றி ஒரு வார்த்தை. பல கடைகள் இந்த இடத்தில் 'அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதம் தள்ளுபடி' என்று கூப்பன் கொடுக்கும். அதைப் பயன்படுத்த அவர் மறுபடி உங்களிடம் வாங்க வேண்டும். இப்போது அவர் கடைசியாகச் செய்ய நினைப்பது அதுதான். அவர் கையிலிருந்து நிஜமாகச் செலவானதைக் கேட்டு ஈடுசெய்வதுதான் சரி. பெரும்பாலும் அது சில நூறு ரூபாய்தான் வரும், பலர் வேண்டாம் என்றும் சொல்லிவிடுவார்கள். சொன்னால் வற்புறுத்த வேண்டாம்.

ரிவர்ஸ் பிக்கப் என்பது அடிக்கடி சொதப்பும் இடம். கூரியர் ஆள் வீட்டுப் பக்கமே போகாமல் 'வாடிக்கையாளர் இல்லை' என்று போட்டுவிடுவது உண்டு. அவர் காத்திருந்து, யாரும் வராமல், அவரே உங்களுக்கு எழுத வேண்டி வந்தால் இதுவரை செய்தது அத்தனையும் வீண். வியாழன் மதியம் 3 மணிக்கு நீங்களே டிராக்கிங்கைப் பாருங்கள். எடுக்கவில்லை என்றால் கூரியர் ஆபீஸுக்குப் போன் செய்துவிட்டு, அவருக்கும் நீங்களே முதலில் சொல்லுங்கள்.

இந்த மெசேஜுக்கும் அவர் திட்டித்தான் பதில் போடலாம், அல்லது பதிலே போடாமல் இருக்கலாம். ஒரு வாரக் கோபம் ஒரு மெசேஜில் போகாது. நீங்கள் சொன்னதை அப்படியே செய்துகொண்டே இருங்கள், விளக்கம் கொடுக்க ஆரம்பிக்காதீர்கள். கெட்ட வார்த்தை வந்தால் மட்டும், "பணமும் பிக்கப்பும் சொன்னபடி நடக்கும், அது சம்பந்தமா மட்டும் எழுதுங்கள்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

கூகுளில்

பணம் போன பிறகுதான் அங்கே பதில் போட வேண்டும். நாலு வரி போதும்: "மயில் கழுத்துக்குப் பதிலாக மெரூன் அனுப்பியதும், சொன்ன பிறகு தாமதமாகப் பதில் தந்ததும் எங்கள் தவறு. முழுத் தொகையையும் திருப்பி அனுப்பிவிட்டோம், சேலையை எங்கள் செலவிலேயே திரும்பப் பெறுகிறோம். கலர் மாறி வந்தால் இனி வீடியோ கேட்கப்போவதில்லை, போட்டோ போதும்." அவர் பெயர், ஆர்டர் எண், போன் நம்பர், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எதுவும் அங்கே வரக் கூடாது. இந்தப் பதிலைப் படிக்கப் போகிறவர்கள் நாளைக்கு உங்களிடம் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள். கடைசி வரி அவர்களுக்குத்தான், அதனால் எழுதினால் கடைப்பிடியுங்கள். 'ரிவ்யூவை எடுத்தால் பணம் தருகிறோம்' என்று மட்டும் எந்த இடத்திலும் பேசிவிடாதீர்கள். அது கூகுள் விதிக்கே விரோதம். அந்த ஸ்கிரீன்ஷாட்டும் அடுத்து அங்கேதான் வரும்.

தப்பு யாருடையது என்று தெரியாதபோது

எல்லாப் புகாரிலும் 'எங்கள் தப்பு' என்று எழுதிவிட முடியாது, எழுதவும் கூடாது. மயில் கழுத்தே நல்ல உதாரணம். பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர் என்று நெய்வதால் அது ஒரு பக்கம் நீலமாகவும் இன்னொரு பக்கம் பச்சையாகவும் அடிக்கும். "போட்டோவில் நீலம், கையில் பச்சை, ஏமாத்திட்டீங்க" என்று ஒருவர் எழுதினால், அவர் பார்த்ததை ஒப்புக்கொள்ளுங்கள், காரணத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம்: "போட்டோவில் நீலமா தெரிஞ்சது, கையில் பச்சையா இருக்குன்னு சொல்றீங்க, விழாவுக்கு எடுத்த சேலைன்னா கஷ்டமாத்தான் இருக்கும். பகலில் ஜன்னல் பக்கத்தில் வெச்சு ஒரு போட்டோ அனுப்புங்க, இங்கே இருக்கிற அதே சேலையையும் அப்படியே எடுத்து அனுப்பறேன். பார்த்துட்டும் பிடிக்கலைன்னா நாளைக்கு மதியத்துக்குள் சொல்லுங்க, திரும்ப எடுத்துக்கறோம்." பட்டியலில் அந்தச் சேலைக்கு ஒரே கோணத்தில்தான் போட்டோ இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். இருந்தால் அந்தப் புகாரில் பாதி நியாயம் இருக்கிறது.

ஒரு சின்ன ஏற்பாடும் செய்யுங்கள். ஒரே வாட்ஸ்அப் நம்பரில் நீங்கள், தம்பி, பேக்கிங்கில் இருப்பவர்கள் என்று எல்லோரும் பதில் போட்டால் ஒருவர் 2.30 என்பார், இன்னொருவர் நாளைக்கு என்பார். புகார் ஒன்றுக்கு ஒரே ஆள்தான், பெயர் போட்டு எழுத வேண்டும். விரைவுப் பதிலாகச் சேமித்து வைத்திருக்கும் அந்த 'அசௌகரியம்' மெசேஜை இன்றே அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவசரத்தில் கை தானாக அதைத்தான் தட்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கலர் மாறிப் போவது பெரும்பாலும் ஜோடியாகத்தான் நடக்கும். ஒரே மேசையில் இரண்டு பார்சலுக்கு லேபிள் மாறி ஒட்டப்பட்டிருக்கும். இரண்டு சேலையும் ஏறக்குறைய ஒரே எடை என்பதால் கூரியரில் எடை போடும்போதும் தெரியாது. அந்த மெரூனை ஆர்டர் செய்தவர் ஒருவர் இருப்பார். அவர் கையில் இப்போது மயில் கழுத்து இருக்கலாம், விழாவுக்காகப் பிரிக்காமல் வைத்திருக்கலாம். அன்றைய ஆர்டர் பட்டியலை எடுத்து, மெரூன் யாருக்கு என்று பார்த்து, அவருக்கு இன்றே எழுதுங்கள்: "அக்கா, அன்னைக்கு ரெண்டு பார்சல் மாறியிருக்கலாம்னு சந்தேகம். பிரிச்சுப் பார்த்து கலர் சொல்றீங்களா? மாறியிருந்தால் பிளவுஸ் துணியை வெட்ட வேண்டாம், உங்கள் மெரூன் எப்போ வேணும்னு தேதி சொல்லுங்க, அதுக்குள் வர்ற மாதிரி அனுப்பறேன்."